ஈரக் கரண்டியும் இன்ஸ்டாகிராமும்

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே அறுநூறுக்குக் குறையாமல் வழவழப்பான அட்டைகள். ஒவ்வொன்றிலும் இருப்பது நான் எழுதிய வாசகம். வேலையில் இருந்த காலம் முழுக்க விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவன் நான். சோப்புக்கு எழுதியிருக்கிறேன், சிமெண்டுக்கு எழுதியிருக்கிறேன், ஊரே படித்திருக்கிறது. என் அக்காவின் மாங்காய்த் தொக்குக்கு எழுதியதை மட்டும் பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை. படித்த சிலரும் தப்பாகப் படித்தார்கள். அந்தப் பழியைப் படித்தவர்கள்மேல் போட ரொம்ப நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அக்காவுக்கு மயிலாப்பூரில், மாட வீதிகளுக்குப் பின்னால், ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. 2020 ஊரடங்கில் பக்கத்து வீடுகளுக்குத் தொக்கு கிளறிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதுவே வியாபாரமாகிவிட்டது. மாங்காய்த் தொக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, பங்குனி வந்தால் மாவடு. வாட்ஸாப்பில் ஆர்டர் வரும், ஜிபேயில் பணம் வரும், பைக்கில் வரும் பையன் டப்பாக்களை வாங்கிக்கொண்டு அடையாறுக்கும் தி.நகருக்கும் போவான். வியாபாரத்துக்கு ஒரு பெயரும் உண்டு. அதை இங்கே சொன்னால் இந்தக் கட்டுரையே இன்னொரு டேக் ஆகிவிடும்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பார்சல் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சீட்டு இருந்தது. கைத்தறிப் புடவைக்குள் ஒன்று, குளியல் சோப்போடு ஒன்று, மருமகளின் ஜிமிக்கியோடு ஒன்று. எல்லாச் சீட்டும் ஒரே கோரிக்கையைத்தான் வைத்தன: படம் எடுங்கள், எங்களை டேக் செய்யுங்கள், எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள். எனக்குத் தொழில்புத்தி அரிக்க ஆரம்பித்தது.

“அக்கா, உன் டப்பாகூட ஒரு சீட்டு வைக்கணும்.”

“ரசீது வைக்கிறேனேடா.”

“ரசீது இல்ல. வாங்கறவங்கள நம்ம பக்கத்துக்கு இழுக்கற சீட்டு.”

“அவங்கதான் ஏற்கெனவே வாங்கிட்டாங்களே?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்தேன். வாடிக்கையாளர் புத்திசாலித்தனமாக ஏதாவது கேட்டால் சிரித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம்.

எழுதினேன். ஏ6 அளவு, அதாவது ஏ4 தாளில் கால்வாசி. அந்தக் கால்வாசியில் ஐந்து கோரிக்கைகளை அடைத்தேன். பக்கத்தைப் பின்தொடருங்கள், ஸ்டோரியில் டேக் செய்யுங்கள், இந்த ஹாஷ்டேக்கைப் போடுங்கள், கூகுளில் நட்சத்திரம் கொடுங்கள், டேக் செய்த படத்தை அனுப்பினால் அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி. தலைப்பில் பாட்டியின் கைமணம் பற்றி நான்கு வரி. இடம் போதவில்லை. பழைய லேபிளை எடுத்துப் பார்த்தேன். அதில் அக்கா வைத்திருந்த “ஈரக் கரண்டி போடாதீர்கள்” என்ற வரி, அழகான வடிவமைப்பில் கண்ணைக் குத்தியது. அதை லேபிளிலிருந்து எடுத்துச் சீட்டின் பின்பக்கம் போட்டுவிட்டு, காலியான இடத்தில் ஹாஷ்டேக்கை வைத்தேன். இதன் விளைவைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ராயப்பேட்டையில் அச்சகம். ஆஃப்செட்டில் பிளேட் போடுகிற செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான் என்பதால் ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படியாகும். முந்நூறு ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன். “லேமினேஷன் போட்டா பேனா ஓடாது சார், பரவால்லியா?” என்று அச்சகக்காரர் கேட்டார். பேனா எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். அக்கா ஒவ்வொரு டப்பாவோடும் வாங்குகிறவரின் பெயரைக் கையால் எழுதி, “அத்தைக்கு உப்பு கம்மியாப் போட்டிருக்கேன்” என்கிற மாதிரி ஒரு வரி சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். எனக்கு அது பிராண்டாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் அடி கீழ்க்கோட்டில் விழுந்தது. இன்ஸ்டாகிராம் பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கீழ்க்கோடு, இவற்றைத் தவிர வேறு எதுவும் வராது. இடைவெளியும் வராது. அதனால் இரண்டு சொல் உள்ள பெயர் வைப்பவர்கள் நடுவில் ஒரு கீழ்க்கோடு போடுவார்கள். அக்காவின் பெயரிலும் உண்டு. நான் அந்தப் பெயரைச் சாய்ந்த கையெழுத்து மாதிரியான எழுத்துருவில் போட்டு, எடுப்பாகத் தெரியட்டும் என்று அடியில் ஒரு கோடும் இழுத்தேன். நான் இழுத்த கோட்டுக்குள் அந்தக் கீழ்க்கோடு போய் மறைந்துகொண்டது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. ஏ6 அட்டையில், அடையாறு மாமியின் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குப் பின்னால், ஒன்றும் தெரியவில்லை.

கீழ்க்கோடு இல்லாமல் அதே பெயரில் ஒரு கல்லூரி மாணவியின் கணக்கு இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். அவள் நடனமாடுகிற படங்களுக்கு நடுவே தயிர்சாதமும் தொக்கும் வந்து விழ ஆரம்பித்தன. ஒருநாள் அவளே தேடிப் பிடித்து அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்: “ஆன்ட்டி, உங்க தொக்கு எல்லாம் எனக்கு வருது.” அக்கா அதைக் கூரியர் தவறு என்று நினைத்து, “எத்தனை பாட்டில்மா?” என்று பதில் போட்டாள்.

ஒரு பெயரை அச்சுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அச்சில் வரப்போகிற அதே அளவில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, போனில் தட்டச் சொல்ல வேண்டும். கீழ்க்கோடு, புள்ளி, சிறிய எல், எண் ஒன்று, எல்லாம் அப்போது பல்லிளித்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. மற்றவர்களுக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

சரியான பெயரைத் தட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் @ போட வேண்டிய இடத்தில் # போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, நான் இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். @ போட்டுப் பெயர் எழுதினால் அந்தக் கணக்குக்குத் தகவல் போகும். # என்பது ஒரு பொதுக் குவியலுக்கு வைக்கிற பெயர்ப்பலகை, அவ்வளவுதான். அதில் யார் என்ன போட்டாலும் கடைக்காரருக்கு மணி அடிக்காது. 2007-இல் கிறிஸ் மெஸ்ஸினா ட்விட்டரில் இந்தக் குறியை முன்மொழிந்தது, பேச்சைக் குழுவாகப் பிரித்து வைப்பதற்காக. யாரையும் கூப்பிடுவதற்காக அல்ல. ஒரு சிறிய கடைக்கு # அநேகமாகத் தேவையே இல்லை. எனக்கு அது சீட்டில் நவீனமாகத் தெரிந்தது.

@ போட்டு, பெயரையும் சரியாகப் போட்டவர்கள் மிச்சம். இவர்கள்தான் அக்காவின் உண்மையான பக்தர்கள். மந்தைவெளி, இந்திரா நகர், மேற்கு மாம்பலம். பிள்ளையார் படத்தை முகப்பில் வைத்து, கணக்கைப் பூட்டி வைத்திருக்கிற பெண்கள். பூட்டிய கணக்கில் ஒருவர் போடும் படத்தை, அவர் அனுமதித்த பின்தொடர்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். நம்மைத்தான் டேக் செய்திருக்கிறார் என்றாலும், அந்த வாசலுக்குள் நம்மை அனுமதிக்காதவரை நமக்குத் தெரிவது பூட்டு மட்டும்தான். ஸ்டோரி என்றால் அதற்கும் இருபத்துநான்கு மணி நேரம்தான் ஆயுள். அக்கா இரவு சமையலறை துடைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, போனைத் திறப்பதற்குள் பலது காலாவதியாகியிருக்கும். ஆக, எங்கள் தொக்கை மனதாரப் புகழ்ந்தவர்களின் புகழ்ச்சி எல்லாம் அவர்களுடைய நாத்தனார்களும் ஒன்றுவிட்ட தங்கைகளும் மட்டும் பார்த்தது. அதில் ஒரு நஷ்டமும் இல்லை என்று இப்போது தெரிகிறது. தொக்கு வாங்கப் போகிறவர்கள் அந்த நாத்தனார்கள்தான். ஆனால் நான் அப்போது பக்கத்தில் ஏறுகிற எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நவராத்திரியில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. என் சீட்டால்தான் என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் அறிவித்தேன். அக்கா மகள் போட்ட கொலு வீடியோவால் ஏறியது அது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் மறுத்துப் பேசவில்லை, அதுதான் வலித்தது.

அடுத்தது கியூஆர் குறியீடு. பெயரைத் தட்டுவதில் சிக்கல் இருக்கிறதே என்று நான் முன்யோசனையோடு சீட்டின் மூலையில் ஒன்றை வைத்திருந்தேன். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் படிப்பறிவும் உண்டு. 1994-இல் ஜப்பானின் டென்ஸோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. தொழிற்சாலையில் கிரீஸும் அழுக்கும் படும் என்பதால், ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துத் தகவலை மீட்கிற திருத்தும் வசதியைச் சேர்த்தார்கள். நான்கு நிலைகள் உண்டு. மேல் நிலையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் சேதமானாலும் படிக்கும். நான் அந்த மேல் நிலையைத்தான் தேர்ந்தெடுத்தேன், நல்லெண்ணெய் கசியும் என்று தெரியும். கசியவும் செய்தது. தி.நகரிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் சீட்டு மொத்தமும் மஞ்சள் எண்ணெய், குறியீட்டின்மேல் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் படித்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

படித்தது சரிதான். திறந்த பக்கத்தில்தான் “இந்தக் குறியீடு செயலில் இல்லை, சந்தா செலுத்தவும்” என்று இருந்தது.

கியூஆரில் இரண்டு வகை. ஒன்றில் போக வேண்டிய முகவரியே கட்டங்களுக்குள் பதிந்திருக்கும். அதை யாரும் நிறுத்த முடியாது, அட்டை இருக்கும்வரை உயிரோடு இருக்கும். இன்னொன்றில் பதிந்திருப்பது குறியீடு செய்து கொடுத்த நிறுவனத்தின் ஒரு குட்டி முகவரி. ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவரும் முதலில் அங்கே போய், எண்ணப்பட்டு, பிறகு நம் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுவார்கள். எத்தனை பேர், எந்த ஊர், எந்த நேரம் என்று கணக்குக் கிடைக்கும், முகவரியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் அது. ஆனால் நடுவில் இருப்பவர் கதவை மூடினால் ஆயிரம் அட்டையும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். நான் வரைபடம் பார்க்கிற ஆசையில் இரண்டாவது வகையை, அதுவும் இலவச முன்னோட்டத்தில், எடுத்திருந்தேன். அட்டைகள் அச்சாகி, லேமினேஷன் காய்ந்து, வெட்டி, கட்டி, ஆட்டோவில் மயிலாப்பூர் வந்து, முதல் பெட்டி தீர்வதற்குள் முன்னோட்டம் முடிந்துவிட்டது.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். போன் கேமராவைக் காட்டினால், திறப்பதற்கு முன்பே திரையில் ஒரு முகவரி மினுக்கும். அதில் instagram.com என்று இருந்தால் நேர்வழி. வேறு ஏதோ கேள்விப்படாத சுருக்கப் பெயர் இருந்தால் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்டாகிராம் செயலியே நம் பக்கத்துக்கான கியூஆரைக் காசில்லாமல் கொடுக்கும். இதை எனக்குச் சொன்னது அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்.

தள்ளுபடி விஷயத்துக்கு வருகிறேன். டேக் செய்தால் பத்து சதவீதம் என்று நான் எழுதியது நல்ல எண்ணத்தில்தான். விளைவு, சுவைத்துப் பார்க்காமலே புகழ்ந்தார்கள். ஒருவர் மூடி திறக்காத டப்பாவைப் படம் பிடித்து “என்ன ருசி!” என்று போட்டுவிட்டுத் தள்ளுபடி கேட்டார். பெருங்காயம் கம்மி என்று வழக்கமாகப் போனில் திட்டுகிற இன்னொரு மாமி, பத்து சதவீதத்துக்காக அதைப் பொதுவில் சொல்லாமல் விட்டுவிட்டதாக அக்காவிடமே சொன்னார். காசு கொடுத்தால் வருவது இதுதான். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில், பரிந்துரை செய்பவருக்கு நிறுவனத்தோடு இருக்கும் தொடர்பு என்ற கணக்கில் பணம் மட்டும் அல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு எல்லாம் வருகின்றன. அப்படி ஏதாவது வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், பார்ப்பவர் கண்ணில் படும்படி அதைச் சொல்ல வேண்டும் என்கிறது. விளம்பரத் தர மன்றம் 2021-லேயே இதே மாதிரி விதிகளைக் கொண்டுவந்துவிட்டது. இவையெல்லாம் செல்வாக்குள்ள கணக்குகளை மனதில் வைத்து எழுதியவை. பூட்டிய கணக்கு மாமிக்குப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். ஆனால் நான் இருந்த தொழிலில் இந்தச் சுற்றறிக்கைகளை நான்தான் இளையவர்களுக்குப் படித்துக் காட்டியவன். சொந்த அக்காவின் தொக்குக்கு எழுதும்போது அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. நட்சத்திரத்துக்குத் தள்ளுபடி என்பது இன்னும் மோசம். அமேசான் போன்ற சந்தைகளில் பார்சலுக்குள் அப்படி ஒரு சீட்டு வைத்தால் விற்பனைக் கணக்கே முடங்கும். அக்கா அங்கே விற்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

வாங்குகிறவனாக நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சமாக இருக்கக் கூடாது. என் மனைவி இணையத்தில் ஒரு பட்டுப்பருத்திப் புடவை வாங்கினாள். கடையின் பெயர் வேண்டாம். உள்ளே இருந்த சீட்டில் இரண்டு வரி. மேலே, பார்சல் திறக்கும் வீடியோ இல்லாவிட்டால் எந்தப் புகாரும் ஏற்கப்படாது. கீழே, அந்த மகிழ்ச்சியான தருணத்தை எங்களோடு பகிருங்கள், டேக் செய்யுங்கள். ஒரே வீடியோ, மேல்வரிக்கு சாட்சி, கீழ்வரிக்கு விளம்பரம். இந்தச் சிக்கனத்தைத் தொழில்முறையில் ரசித்தேன். இதில் ஒரே ஒரு கோளாறு: வீடியோ எடுங்கள் என்று சொல்கிற சீட்டு பார்சலுக்கு உள்ளே இருந்தது. திறந்த பிறகுதான் திறக்கும்போது படம் எடுத்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது.

வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். நான் புடவையை மறுபடி மடித்து, உறைக்குள் தள்ளி, பழுப்பு டேப் ஒட்டி, “இப்ப திற” என்றேன். மனைவி திறந்தாள். “முகத்துல ஒரு ஆச்சரியம் இல்லையே” என்றேன். “மூணாந்தடவை பாக்கற புடவைக்கு என்ன ஆச்சரியம் வரும்?” என்றாள். இது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் முந்தானைப் பக்கம் ஒரு இழை அறுந்திருப்பதைக் கவனித்தோம். இப்போது என்னிடம் இருந்ததோ நானே தயாரித்த பொய்ச் சாட்சி. அதை அனுப்ப மனசு வரவில்லை. அனுப்பாமல் சும்மா இருந்துவிட்டேன், புடவை ஃபால்ஸ் தைக்கிறவரிடம் போய் இழை சேர்ந்து வந்தது.

உண்மையில் நான் அந்த நாடகத்தை ஆடியிருக்கவே வேண்டாம். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளையோ, சொன்ன மாதிரி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. வீடியோ இருந்தால்தான் என்று விதி நிபந்தனை போடவில்லை. வீடியோ இருந்தால் வழக்கு சுலபமாகும், அது நல்ல சாட்சி, அதனால் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எடுக்காததால் உரிமை போய்விடாது. ஒரு முந்நூறு ஜிஎஸ்எம் அட்டை சொல்வதைச் சட்டம் என்று நம்புகிற ஆள் என்று என்னை நான் நினைத்ததே இல்லை. ஆனால் அட்டை எழுதுகிறவனுக்குத்தான் அட்டைமேல் பயம் அதிகம் போல.

இனி ஈரக் கரண்டி.

மாங்காய்த் தொக்கு கெடாமல் இருப்பது உப்பாலும் புளிப்பாலும், தண்ணீர் சுண்டும்வரை கிளறுவதாலும், மேலே மிதக்கிற நல்லெண்ணெயாலும். கழுவிய கையோடு எடுத்த கரண்டியை உள்ளே விட்டால், எண்ணெய்க்கு அடியில் ஓரிடத்தில் தண்ணீர் தங்கும். அந்த இடத்தில் உப்பு நீர்த்துப்போகும். பத்து நாளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். அக்காவின் பழைய லேபிளில் அந்த வரி கரண்டி போகிற பாதையில், மூடிக்குக் கீழே இருந்தது. நான் அதைச் சீட்டின் பின்பக்கத்துக்கு நாடு கடத்தினேன்.

சீட்டின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். பார்சல் வருகிறது. அந்த நேரத்தில் பால் பொங்கிக்கொண்டிருக்கும், அல்லது குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியிருக்கும். கத்தரிக்கோல், டேப், குமிழி உறை, டப்பா வெளியே வருகிறது. சீட்டு உறையோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போகிறது. மொத்தம் இரண்டு நிமிஷம். டப்பாவோ அலமாரியில் இரண்டு மாதம் இருக்கப்போகிறது. இரண்டு மாதத்துக்குத் தேவைப்படுகிற எச்சரிக்கையை இரண்டு நிமிஷக் காகிதத்திலும், இரண்டு நிமிஷத்துக்குக்கூட யாருக்கும் தேவைப்படாத ஹாஷ்டேக்கை இரண்டு மாத லேபிளிலும் வைத்திருந்தேன். அந்த ஆவணியில் பூஞ்சணம் பூத்த டப்பாக்களின் படங்கள் அக்காவுக்கு வர ஆரம்பித்தன. இந்தப் படங்களில் ஒன்றிலும் டேக் தவறவில்லை. கீழ்க்கோடு உட்பட எல்லாம் சரியாக இருந்தது. திட்டுவதற்கென்றால் ஜனங்கள் எவ்வளவு நுணுக்கமாகத் தட்டுகிறார்கள்!

அக்கா எல்லோருக்கும் புது டப்பா அனுப்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாதான், “பாட்டியின் கைமணம் நாலு வரி இருந்ததே, அதுல ஒரு வரி குறைச்சிருக்கலாம்” என்றார்.

கோரிக்கையிலும் இதே காலக் கோளாறுதான். திறக்கிற நேரத்தில் சீட்டு “எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்” என்று கேட்கிறது. வாங்கியவர் இன்னும் வாயில் வைக்கவில்லை. மாவடு விஷயத்தில் இது அபத்தத்தின் உச்சம். உப்பும் கடுகுப்பொடியும் ஏறி வடு சுருங்க வாரக்கணக்கில் ஆகும், அக்கா புதிதாகப் போட்டு அனுப்பியதை இன்னும் கொஞ்ச நாள் குலுக்கிவைக்கச் சொல்லித்தான் கொடுப்பாள். வடு பதமாக வருகிற அன்று, மோர்சாதத்தோடு ஒருவர் கண்ணை மூடிக் கடிக்கிற அன்று, சீட்டு கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலோ பெருங்குடியிலோ இருக்கும். கல்யாணப் புடவைக்கும் இதே கதைதான். ஐப்பசியில் வாங்கி, தை மாதம் கட்டுவார்கள். கட்டி, படம் எடுத்து, ஊரே எங்கே வாங்கினாய் என்று கேட்கிற அன்று கையில் சீட்டு ஏது?

தி.நகர் ஜவுளிக்கடைகளுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. கடையின் பெயரைத் துணிப்பையில் அடித்துக் கொடுத்தார்கள். புடவை பீரோவுக்குள் போன பிறகும் பை ரேஷன் கடைக்குப் போகும், பேருந்தில் போகும், கபாலீசுவரர் கோவிலுக்குத் தேங்காய் பழத்தோடு போகும், ஊருக்குப் போகிற பெரியப்பாவின் வேட்டியைச் சுமக்கும். எங்களைப் பின்தொடருங்கள் என்று பையில் எழுதியிருக்காது, பைதான் நம்மைப் பின்தொடரும். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியபோது, வெட்கப்பட்டு ஒளித்துவைத்த அந்தப் பைகள் பரணிலிருந்து இறங்கின. எங்கள் வீட்டில் இறங்கிய ஒரு பையில் இருந்த கடையே இப்போது இல்லை, பெயர் மட்டும் இன்னும் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறது.

நான் காலையில் நடக்கப் போவது லஸ்ஸில் இருக்கிற நாகேஸ்வர ராவ் பூங்கா. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கிய அந்த நாகேஸ்வர ராவ், இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்குத் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பரப்பினார். தலைவலி வரக்கூடிய இடத்தில், வருகிற நேரத்தில், மருந்தைக் கையில் கொடுத்தார். யாரிடமும் பதிலுக்கு எதுவும் செய்யச் சொல்லவில்லை. பூங்காவைச் சுற்றி வரும்போது சில நாள் எனக்கு இது ஞாபகம் வரும். வேகமாக நடப்பேன்.

இப்போது அக்காவின் டப்பாவில் லேபிளை அவளே எழுதியிருக்கிறாள். சட்டப்படி இருக்க வேண்டியவை இருக்கின்றன: பொருளின் பெயர், எடை, விலை, தயாரித்த தேதி, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண், புகாருக்குத் தொடர்புகொள்ள முகவரியும் போன் எண்ணும். மூடியின் மேல் ஒரே ஒரு வட்ட ஸ்டிக்கர். “ஈரக் கரண்டி வேண்டாம். அடி தட்டினால் போன் பண்ணுங்கள்.” அடி தட்டுவது என்றால் கரண்டி டப்பாவின் அடியில் இடிப்பது, அதாவது தீரப்போகிற நேரம். அந்த நேரத்தில்தான் அந்த வரி கண்ணில் படும். இன்ஸ்டாகிராம் பெயர் பக்கவாட்டில், அச்செழுத்தில், அடிக்கோடு இல்லாமல் இருக்கிறது. தட்டுகிறவர் தட்டட்டும். சீட்டு என்று உள்ளே போவது வெறும் மேப்லித்தோ தாளில் அவள் பேனாவால் எழுதுகிற அந்த ஒரு வரி. போன வாரம் பெசன்ட் நகரில் ஒருவர் அந்தக் கையெழுத்தைத்தான் படம் பிடித்துப் போட்டிருந்தார், டப்பாவை அல்ல.

மிச்ச அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டேன். பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதலாமென்றால் லேமினேஷனில் பேனா ஓடவில்லை. பழைய பேப்பர்காரர் பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை எடைக்குச் சேராது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அவை என் பரணில் இருக்கின்றன.

கோயம்புத்தூர்ப் பெண்ணிடமிருந்து மட்டும் இன்னும் செய்தி வருகிறது. என் அட்டைகளில் நானூறு எங்கெங்கோ வீடுகளில் போய்ச் சேர்ந்தனவே, ஒன்றிரண்டு இன்னும் உயிரோடு இருக்கின்றன. முந்தாநாள் எழுதியிருந்தாள்: “ஆன்ட்டி, ஒருத்தங்க என்னை டேக் பண்ணி காரம் கம்மின்னு போட்டிருக்காங்க. நான் என்ன பதில் போடட்டும்?”

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு பதிலை எழுத ஆரம்பித்தேன். பாட்டியின் கைமணத்தில் தொடங்கியது அது. இரண்டாவது வரியில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, “அவங்க நம்பர் வாங்கி அனுப்பும்மா” என்று தட்டினாள்.